இடது மேல் மூலையில் ஒரு புள்ளி

என் மனைவியின் கடை யாரை நம்பி ஓடுகிறதோ, அந்தப் பெண்மணிக்கே "எங்களை மறந்துவிட்டீர்களா" என்று நான் ஒரு செய்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். குடித்துவிட்டு எழுதியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். நான் தெளிந்த புத்தியோடு, காலைத் தேநீர் குடித்து, படம் வரைந்து, அதில் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் பார்த்து ரசித்துவிட்டு எழுதினேன்.

கடை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஹற்றன் கடைவீதியில் ஒரு புடவைக் கடைக்குப் பின்னால், மாடிப்படி ஏறியதும் வரும் அறைதான் அது. புடவைக் கடை முதலாளியை, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அழைப்பதுபோல, நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் கொழும்பிலிருந்து இறக்கும் ஸ்வெட்டர், சால்வை, நைட்டி, பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றையும் என் மனைவி படம் எடுத்து இணையத்தில் போடுவாள். வட்ஸ்அப்பில் ஓடர் வரும். பார்சல் கட்டி அனுப்புவாள். வலப்பனைக்குப் போகும், நானுஓயாவுக்குப் போகும், கூரியர்காரன் ஏற மறுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்குப் பஸ் கண்டக்டர் கையில் போகும். அறுபத்துச் சொச்சம் வாடிக்கையாளர்கள். அத்தனை பேரின் அளவும் பிடித்த நிறமும் அவள் தலைக்குள் இருந்தன. அதுதான் எனக்கு உறுத்தியது.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவன். ஐம்பதைத் தாண்டிய சரித்திர ஆசிரியனுக்கு எதிர்காலத்தின் மேல் திடீரென்று ஓர் ஆசை வரும். எனக்கு அது வாடிக்கையாளரைப் பகுத்தறியும் கலை என்ற வடிவில், இலவச வீடியோக்களாக வந்து சேர்ந்தது. தலையில் இருப்பது தரவு ஆகாது என்று அதில் ஒருவர் சொன்னார். அதை நான் அப்படியே என் மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப உங்க தலையில இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் பார்சலுக்கு டேப் ஒட்டப் போனாள்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலையில் அவளுடைய ஓடர் பட்டியலை என் கணினியில் இறக்கினேன். ஒரு தொலைபேசி இலக்கம், ஒரு வாடிக்கையாளர். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் எடுத்தேன். கடைசியாக வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பது ஒன்று. கடந்த ஒரு வருடத்தில் மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார் என்பது மற்றது. நாள் கீழே கிடைக்கோட்டில். தொகை பக்கத்தில் செங்குத்தாக. ஆளுக்கொரு புள்ளி. பிறகு நாள்களின் சராசரியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, தொகையின் சராசரியில் குறுக்காக ஒரு கோடு. தாள் நான்கு அறைகளாகப் பிரிந்தது.

ஒரு வீட்டைக் கட்டி முடித்தவன் அறைகளுக்குள் நடந்து பார்ப்பதுபோல நான் அந்த நான்குக்குள்ளும் நடந்தேன். வலது மேல் அறைக்கு 'ராஜாக்கள்' என்று பெயர் வைத்தேன். எந்தப் படத்திலும் வலது மேல் மூலைதான் உயர்ந்த இடம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் வளர்ச்சி வரைபடம் எல்லாம் அந்த மூலையை நோக்கித்தானே ஏறுகிறது? அங்கே நான்கு பேர் இருந்தார்கள். கீழே ஐம்பத்துச் சொச்சம் புள்ளிகள் சீனி சிந்திய இடத்தில் எறும்பு மொய்த்ததுபோல நெருங்கிக் கிடந்தன. இடது மேல் அறையில் மட்டும், எல்லோரையும் விட உயரத்தில், ஒரே ஒரு புள்ளி.

அந்தத் தனிப் புள்ளி என்னை உலுக்கிவிட்டது. நான் வாசித்த நாவல்கள்தான் குற்றவாளிகள். ஒரு காலத்தில் அள்ளி அள்ளி வாங்கியவர், ஏதோ மனஸ்தாபம், விலகிப்போய் மூலையில் நிற்கிறார். 'கைநழுவிப் போகிறவர்' என்று அந்த அறைக்குப் பெயர் எழுதினேன். இலக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். என் மனைவி 'டயகம அக்கா' என்று ஊர்ப் பெயரோடு பதிந்து வைத்திருந்த பெண்மணி.

அக்கா என்று சொன்னாலும் அவர் என் மனைவியை விட வயதில் இளையவர்தான். அவரும் என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மூத்தவர் என்ற பட்டத்தை இருவரும் தொலைபேசியில் மாறி மாறித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராஜாக்கள் நால்வருக்கும் நன்றி மடல் அனுப்பினேன். டயகமவுக்கு இப்படி எழுதினேன்: 'அன்புடையீர், பல மாதங்களாக எங்கள் கடையில் தாங்கள் எதுவும் வாங்கவில்லை. எங்களை மறந்துவிட்டீர்களா? தங்கள் வருகைக்காக எங்கள் கதவு திறந்தே இருக்கிறது. பத்து வீத விலைக் கழிவு தருகிறோம்.' இணையக் கடைக்கு ஏது கதவு என்று எழுதும்போதே தோன்றியது. ஆனாலும் வாக்கியம் நன்றாக வந்திருந்ததால் விட்டுவிட்டேன். அனுப்பியவர் பெயர் கடையின் பெயர். கடைத் தொலைபேசியை அன்று என்னிடம் கொடுத்தது என் மனைவியின் தவறு என்று நான் இன்றும் நம்புகிறேன். அவளிடம் சொல்வதில்லை.

முதல் பதில் ஒரு ராஜாவிடமிருந்து வந்தது. 'நாங்க உங்ககிட்ட வாங்கி பத்து மாசம் ஆச்சு. நன்றின்னு போட்டிருக்கீங்க. குத்திக் காட்டுறீங்களா?'

இரண்டாவது பதில் அழைப்பாகவே வந்தது. என் மனைவி எடுத்தாள். எதிர்முனையில் அழுகை. அவள் "என்னாங்க அக்கா, நிதானமா சொல்லுங்க" என்று நாலைந்து தடவை சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு என் கணினியைப் பார்த்தாள். போனை வைத்ததும் கேட்டாள்.

"டயகம அக்காவுக்கு என்னா அனுப்புனீங்க?"

படத்தைக் காட்டினேன். விளக்கத் தொடங்கினேன். அவள் விரலை அடிக்கோட்டில் வைத்தாள்.

"இது என்னா நாளு?"

"கடைசியா வாங்கி எத்தன நாளாச்சுங்கிறது."

"அப்ப இந்தப் பக்கம் போகப் போக நாளு கூடுது."

"ஆமா."

"நாளு கூடுனா பழசு. தயிர்ச் சட்டி வாங்குறப்ப நாளு பாக்குறதில்லையா நீங்க? வலது பக்கம் நிக்கிறது எல்லாம் நம்மள விட்டுட்டுப் போனவங்க. இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கிறவங்கதான் இப்ப வாங்குறவங்க. டயகம அக்கா போன வாரந்தான் தீபாவளி ஓடர் குடுத்தாங்க."

நான் படத்தைப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. ஒரு புள்ளியும் நகரவில்லை. ஆனால் ராஜாக்கள் நால்வரும் நாடு கடந்து போய்விட்டிருந்தார்கள். கைநழுவிப் போகிறவர் என் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதுவரைக்கும் இது வெறும் அசட்டுத்தனம். அந்த அழுகைக்குக் காரணம் வேறு. என் மனைவி சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

டயகம அக்கா தனக்காக மட்டும் ஓடர் கொடுப்பவர் அல்ல. அவர் இருப்பது தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருபத்திரண்டு வரிசையாக ஒட்டிய லயம். சிக்னல் ஒழுங்காகப் பிடிக்கும் போன் அவருடையது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்து, படம் பார்த்து, சண்டை போட்டு, நிறம் தேர்ந்து, எல்லோருக்கும் சேர்த்து அவர் ஒரே ஓடராக அனுப்புவார். அந்த வருட தீபாவளி ஓடரும் அப்படித்தான் வந்திருந்தது. கொழும்பிலிருந்து பிள்ளைகளின் அளவு வராததால் பார்சல் இன்னும் நானாவின் கடையில் கிடந்தது. இந்த நிலையில்தான், போயா லீவில் லயமே வீட்டில் இருந்த வேளையில், என் செய்தி போய் இறங்கியது. வழக்கம்போல ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். 'பல மாதங்களாக எதுவும் வாங்கவில்லை.'

அப்படியானால் நம்முடைய ஓடர் எங்கே போனது? யாருக்குக் கொடுத்தாள்? தலவாக்கலையில் இப்போது இன்னொரு கடை ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் தருகிறதாமே? கேள்வி ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கிறது. அந்த லயத்தின் சீட்டையும் அவர்தான் பிடிக்கிறார். உடுப்பில் இப்படி என்றால் சீட்டில் எப்படி என்று ஒருத்தி கேட்டதில்தான் அவர் உடைந்து போயிருக்கிறார்.

"நான் மறுபடி எடுத்துப் பேசிப் பாத்துட்டேன்," என்றாள் என் மனைவி அன்று சாயங்காலம். "ஸ்பீக்கர்ல போடச் சொல்லி எல்லாருக்கும் சொன்னேன். 'நீங்க ரெண்டு பேரும் கூட்டாளி, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க'ங்கிறாங்க. ஞாயித்துக்கெழம நீங்க போங்க."

"நான் போகணுமா?"

"மறந்துட்டீங்களான்னு கேட்டது நீங்கதானே. போயி ஞாபகப்படுத்திட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறப் போனபோது நானா கடை வாசலில் நின்றிருந்தார். என் கையில் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து சுருட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"என்ன தொர, மலை அளக்கவா?"

"விளக்கம் குடுக்கப் போறேன் நானா."

"நான் முப்பது வருஷமா கடை நடத்துறன். வாரவங்க முகத்தப் பாத்தாலே திரும்ப வருவாங்களா இல்லையான்னு தெரியும். நீங்க முகத்த எல்லாம் புள்ளியாக்கிட்டு இப்ப அந்தப் புள்ளிக்கு மன்னிப்புக் கேக்கப் போறீங்க. சரி, சரி. குடை இருக்கா?"

குடை இல்லை. அக்கரப்பத்தனை தாண்டியதும் மழை பிடித்தது. தாளைக் காப்பாற்ற அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தோட்டத்துப் பாதையில் விறைப்பாக நடந்து போனேன். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கண்ணாடி முழுக்க நீர். காற்சட்டை முழங்கால் வரை சேறு. முன்வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். நடுவில் டயகம அக்கா, கண் வீங்கி, யாரையும் பார்க்காமல் நின்றார். யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை என்பதைக் கண்ணாடியைத் துடைத்த பிறகு கவனித்தேன்.

"வாங்க சேர்," என்றார்.

நான் தாளை விரித்து, இரண்டு பெண்களைப் பிடிக்கச் சொல்லி, தொடங்கினேன். தவறு என்னுடையது, வலது பக்கம் புதியது என்று நினைத்துவிட்டேன், இது கடைசியாக வாங்கிய நாளின் எண்ணிக்கை, இடது ஓரம் என்றால் மிகச் சமீபம், மேலே என்றால் நிறைய. இதோ இந்த இடது மேல் மூலைப் புள்ளி இவருடையது. போன வாரம் ஓடர் கொடுத்ததால்தான் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடையிலேயே உயரமான புள்ளி.

சேலையை இழுத்துச் சொருகியபடி ஒரு பெரியம்மா முன்னால் வந்தார். அவர் குரலைக் கேட்டால் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்குகூட ஒரு படி பின்வாங்குவார் என்று தோன்றியது.

"அது ஒரு புள்ளி. சரி. நாங்க இருபத்திரண்டு வீடு வாங்குனோம். எங்க புள்ளியெல்லாம் எங்க?"

"ஒரு போன் நம்பருக்கு ஒரு புள்ளிங்க. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

"அதெப்படி? நான் எடுத்த கொழுந்த நிறுக்கிறப்ப இவ பேருல போட்டா சும்மா இருப்பேனா நானு? தராசையே தூக்கி எறிஞ்சிருவேன்."

"ஆமாஞ் சேர்," என்று பின்னாலிருந்து ஒருத்தி, "எனக்கு என் புள்ளி வேணும்."

எந்த வீடியோவிலும் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது. நான் மனிதர்களைப் பகுக்கவே இல்லை. போன்களைப் பகுத்திருந்தேன். அந்த ஒரு போன் இருபத்திரண்டு குடும்பத்தின் தொகையைத் தூக்கிக்கொண்டு உயரத்தில் நின்றதால்தான் சராசரிக் கோடும் மேலே போயிருந்தது. அந்த நால்வரைத் தவிர ஹற்றனிலும் வலப்பனையிலும் இருந்த மற்ற எல்லாரும் கோட்டுக்குக் கீழே எறும்பாகக் கிடந்ததும் அதனால்தான்.

அப்போது இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. பேனாவை எடுக்க வேண்டியிருந்தது. டயகம அக்கா உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தார். யார் எந்த மாதம் என்ன வாங்கினார்கள் என்று பென்சிலில் எழுதியிருந்தார். வீட்டுக்குள் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் வாசிக்க நான் புள்ளி வைத்தேன்.

"ஏஞ் சேர், என் புள்ளிய இன்னுங் கொஞ்சம் மேல வைங்களேன்."

"ஒரு நைட்டி வாங்கிட்டு இவளுக்கு மேல வேணுமாம். அந்த எருமை மாட்டுக் கலரு நைட்டிக்கு அடியில வச்சாலே போதும்."

"போடி. உன் புள்ளி வலது பக்கம் போயிருச்சு பாரு. நீ சித்திரைக்கு வாங்குனதோட சரி. நீ மறந்து போனவ. ஒனக்குத்தான் சேர் கடுதாசி போடணும்."

"போடட்டும். பத்து வீதம் கொறச்சுத் தர்றாருல்ல?"

மாமியார் ஒருவர் தன் புள்ளி மருமகள் புள்ளிக்குக் கீழே வந்ததை ஏற்க மறுத்து, ஸ்வெட்டரை வாங்கியது அவள் என்றாலும் காசு தன்னுடையது என்று வாதாடினார். வாங்கியவரா, காசு கொடுத்தவரா, யாரை வாடிக்கையாளர் என்று கொள்வது என்பது அந்தத் துறையில் நிஜமாகவே உள்ள கேள்விதான். நான் இரண்டையும் அடித்துவிட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். இருவருமே என்னை முறைத்தார்கள்.

இருபத்தொரு புள்ளி ஆயிற்று. "உங்களோடது?" என்று டயகம அக்காவைக் கேட்டேன். அவர் கொப்பியைப் பார்த்தார்.

"எழுதல சேர். மகனுக்கு ஸ்கூல் தொறக்கையில ஒரு ஸ்வெட்டரு. அவ்வளவுதான்."

நான் தாளின் அடிக்கோட்டை ஒட்டி, வலது பக்கம் தள்ளி, ஒரு புள்ளி வைத்தேன். ஜனவரியில் வாங்கியதல்லவா? கடையிலேயே உயரமான புள்ளி என்று இவ்வளவு நேரம் நான் காட்டிக்கொண்டிருந்த பெண்மணி அந்த மூலையில் வந்து நின்றார். இந்தத் தீபாவளி ஓடரில் அவருக்கென்று எதுவும் இல்லை.

பெண்கள் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெரியம்மா, "கமிஷன் வாங்குறவ மூஞ்சியப் பாரு, தீவாளிக்கு ஒரு சீத்தத்துணி எடுக்கல. இப்பிடி ஒரு கூறு கெட்டவள நாம சந்தேகப்பட்டமே," என்று அவரையே திட்டினார். திட்டிக்கொண்டே போய் அவர் பக்கத்தில் நின்றார். மற்றவர்களும் மெல்ல நகர்ந்தார்கள். சீட்டைப் பற்றிக் கேட்டவள் எனக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். யார் கேட்டது என்று யாரும் சொல்லவில்லை. தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டிருந்த விதத்திலேயே அவள்தான் என்று தெரிந்தது.

நான் பெருமையோடு திரும்பினேன். ஒரு வரைபடம் ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன். அவர் சிங்களவர். நல்லவேளை, என் சிங்களத்தில் அது என்னவாக மாறியதோ, அவர் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி போட்டேன். டயகம போனை இருபத்திரண்டு ஆளாகப் பிரித்தேன். அடிக்கோட்டில் 'நாள் கூடினால் பழசு' என்று சிவப்பில் எழுதினேன். சராசரியை விட்டுவிட்டு, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவருடைய எண்ணில் கோடுகளை இழுத்தேன். இனி ஒருவர் எவ்வளவு உயரமாக நின்றாலும் கோட்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போக முடியாது. எறும்புக் கூட்டம் கலைந்து, புள்ளிகள் நான்கு அறைகளிலும் குடியேறின. என் மனைவி அதைப் பார்த்து, வலது மேல் அறையில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துப் பேசினாள். எழுத என்னை விடவில்லை. இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். குத்திக் காட்டுகிறீர்களா என்று கேட்ட ராஜா வரவில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் பார்சல் டயகமவுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று பின்னேரம் டயகம அக்கா என் மனைவிக்குப் போன் எடுத்தார். எல்லாருக்கும் அளவு சரியாம். லயத்துக்காரர்கள் சேர்ந்து அவருக்கும் ஒரு சேலை எடுக்க முடிவு செய்திருக்கிறார்களாம், நிறம் பார்க்க வேண்டுமாம். பேச்சு நீண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் வரைபடத்தைப் பற்றி ஏதாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல், "அந்தப் படத்தப் பாத்துத்தானே நம்புனாங்கன்னு கேளு" என்று சைகை செய்தேன். அவள் கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

எதிர்முனையில் சிரிப்பு. பின்னால் இன்னும் நாலைந்து சிரிப்பு.

"படமா? ஐயோ இல்லக்கா. புள்ளி வச்சது சும்மா பொழுது போச்சு. அக்கா போன்ல சொன்னப்ப நம்பல, அக்கா வெவரமானவங்க, என்னயக் காப்பாத்தப் பொய் சொல்லுவாங்கன்னு நெனச்சிருக்காங்க. அப்பறம் சேர் மழையில நனஞ்சுக்கிட்டு, தாள சட்டைக்குள்ள சொருவிக்கிட்டு வந்தாருல்ல? தூரத்துல பாத்த ஒடனேயே எங்க பெரியம்மா சொல்லிட்டாங்களாம், 'அடியே, அவ மேல தப்பு இருக்காது, இந்த மனுசந்தான் ஏதாச்சும் பண்ணியிருப்பாரு'ன்னு."